எப்போது உண்பது, எப்போது நிறுத்துவது: மூன்று துறவு மரபுகள்

துறவிகள் எல்லோரும் உடலை வதைப்பவர்கள், மரபுக்கு மரபு வதைக்கும் விதம்தான் வேறு என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இந்த எண்ணம் தவறு என்பதை அறிய, அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதைப் பார்த்தாலே போதும். திகம்பர சமண முனிவர், தேரவாத பௌத்த பிக்கு, நான்காம் நூற்றாண்டு எகிப்தின் பாலைவனக் கிறித்தவத் துறவி ஆகிய மூவருமே குறைவாக உண்டவர்கள்தான். ஆனால் அவர்களுடைய உணவு விதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உடல் என்பது மூவருக்கும் மூன்று வேறு பொருள் என்பது தெரிகிறது. அந்த உடல் தளரும்போது என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் அவர்கள் முற்றிலும் பிரிந்துவிடுகிறார்கள்.

மிகக் கடுமையானதிலிருந்து தொடங்குகிறேன். திகம்பர முனிவர் ஒரு நாளில் ஒரே முறை உண்கிறார். தண்ணீரும் அந்த ஒரு முறைதான். காலையில் ஆகாரத்துக்குப் புறப்படும்போது மனத்துக்குள் ஒரு நிபந்தனையை வைத்துக்கொள்வது உண்டு: இன்ன பொருளைக் கையில் வைத்திருப்பவர் அழைத்தால்தான் உண்பேன் என்பது போல. அதை யாரிடமும் சொல்வதில்லை. வாசலில் இல்லறத்தார் கலசத்தோடும் தேங்காயோடும் நின்று, "நமோஸ்து, நமோஸ்து, இங்கே நில்லுங்கள்" என்று அழைப்பார்கள். நிபந்தனை நிறைவேறவில்லை என்றால் அன்று பட்டினியோடு திரும்ப வேண்டியதுதான். நிறைவேறினால், மனமும் சொல்லும் உடலும் உணவும் தூய்மையானவை என்று வீட்டார் உறுதி சொன்ன பிறகு, முனிவர் நின்றபடியே இரு கைகளையும் சேர்த்து ஏந்துகிறார். கையே பாத்திரம். அதில் ஒவ்வொரு கவளமாக வைக்கிறார்கள். அவர் கட்டைவிரலால் கிளறிப் பார்த்துவிட்டு உண்கிறார். ஒரு முடியோ செத்த எறும்போ தென்பட்டால் ஆகாரம் அந்த இடத்திலேயே முடிந்தது. இரண்டாவது கவளத்தில் தென்பட்டாலும் அப்படித்தான். மறுநாள் வரை தண்ணீர்கூடக் கிடையாது.

முழு உணவு என்பது 32 கவளம். அதற்குக் குறைவாக உண்பதே ஒரு தவம். பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு இவற்றில் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ விட்டுவிடுவது இன்னொரு தவம். இதன் காரணம் தெரியாவிட்டால் இது வெறும் கொடுமையாகத்தான் தோன்றும். சமணத்தில் வினை என்பது நுண்ணிய ஒரு பொருள். உயிரின் மேல் ஒட்டியிருப்பது. புதிய வினை சேராமல் தடுப்பது ஒரு வேலை, ஒட்டியிருப்பதை உதிர்ப்பது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலையைத் தவம் செய்கிறது. உடல் இங்கே எதிரி அல்ல. உயிர் தன்னைத் துலக்கிக்கொள்ளும் இடம்.

நின்று உண்ணும் விதியைத்தான் நான் கூர்ந்து கவனிக்கச் சொல்வேன். முனிவர் கைக்கொள்ள வேண்டிய அடிப்படை ஒழுக்கங்களான 28 மூலகுணங்களில் அதுவும் ஒன்று. பிறர் துணையில்லாமல் நிற்கவும், கையில் ஏந்திய உணவைப் பார்த்துச் சோதிக்கவும் முடியும் வரைதான் உணவு. அந்த வலு போய்விட்டால், விரதங்களைக் கைவிட்டு வாழ்வதா, உணவைக் கைவிட்டு விரதங்களைக் காப்பதா என்ற கேள்வி வருகிறது. உணவை விட்டு உயிர் துறக்கும் நோன்பான சல்லேகனை தொடங்குவது அந்த இடத்தில்.

20ஆம் நூற்றாண்டில் திகம்பர முனிவர் மரபுக்குப் புத்துயிர் தந்தவராகப் போற்றப்படும் ஆச்சாரிய சாந்திசாகரர் இதற்குத் தெளிவான சான்று. 1955இல் அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. பார்வை இல்லாத முனிவர் நடக்கும்போது காலடியில் உள்ள உயிரைக் காண முடியாது. கையில் விழுந்த கவளத்தில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க முடியாது. கொல்லாமை என்ற முதல் விரதமே ஆட்டம் காண்கிறது. அவர் மகாராஷ்டிரத்தின் குந்தல்கிரியில் ஆகஸ்டு மாதம் சல்லேகனை ஏற்றார். செப்டம்பர் 18 அன்று உயிர் நீத்தார்.

இல்லறத்தாருக்குச் சொல்லப்பட்ட முறை படிப்படியானது. முதலில் திட உணவு விலக்கப்படும், பாலும் கஞ்சியும் இருக்கும். பிறகு அவையும் போய் வெந்நீர் மட்டும். கடைசியில் அதுவும் இல்லை. தீராத நோய், முதுமை, பஞ்சம், தப்ப முடியாத ஆபத்து ஆகிய நிலைகளில்தான் இதற்கு இடம் உண்டு. இதில் ஐந்து குற்றங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: இன்னும் வாழ விரும்புவது, சீக்கிரம் சாக விரும்புவது, நண்பர்களை நினைத்து உருகுவது, பழைய சுகங்களை அசைபோடுவது, இந்த நோன்பின் பயனாக மறுபிறவியில் ஏதேனும் வேண்டுவது. சாவை விரும்புவதே குற்றம் என்பதை விமர்சகர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

தமிழ்ப் புலவர்கள் பாடிய வடக்கிருத்தலையும் இதையும் ஒன்றாக்கி எழுதுகிறவர்கள் உண்டு. கோப்பெருஞ்சோழன் தன் மகன்களோடு ஏற்பட்ட பகையால் மனம் நொந்து வடக்கிருந்தான்; பிசிராந்தையார் வருவார், அவருக்கு இடம் ஒதுக்குங்கள் என்றான். சமணக் கணக்கில் அது மூன்றாவது குற்றம். நட்பின் உச்சமாக நாம் கொண்டாடுவது அங்கே நோன்பின் பிழை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சமண முறைப்படி நடந்ததைத் தமிழ் மண்ணில் காண வேண்டுமானால் செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றுக்குப் போக வேண்டும். 57 நாள் உண்ணாநோன்பிருந்து மறைந்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவிடமான நிசீதிகை அங்கே பாறைக் கல்வெட்டாக இருக்கிறது. 30 நாள் நோன்பிருந்த இளைய படாரரின் கல்வெட்டும் அதே குன்றில்தான். பெயர், நாள் கணக்கு, அவ்வளவே. புலம்பலும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை.

பௌத்தம் இந்தப் பாதையை நன்றாகத் தெரிந்துகொண்டே விலக்கியது. வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் தட்டும் அளவுக்குத் தாம் மெலிந்ததை புத்தரே விவரிப்பதாகப் பாலி நூல் சொல்கிறது. அந்த உடலால் எதையும் அறிய முடியவில்லை என்பதுதான் அவர் கண்ட முடிவு. ஆகவே பிக்குவின் விதி பட்டினியைப் பற்றியது அல்ல, நேரத்தையும் உரிமையையும் பற்றியது. உச்சிப்பொழுதுக்குப் பிறகு உணவு இல்லை. இன்று கிடைத்ததை நாளைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. பிறர் கையால் கொடுக்காததை உண்ணக் கூடாது. இந்த எல்லைக்குள் வயிறு நிறைய உண்ணத் தடை இல்லை. நோயுற்றவருக்கு நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகியவற்றை ஏழு நாள் வரை வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. காட்டில்தான் வாழ வேண்டும், பிச்சை உணவே உண்ண வேண்டும், மீனும் இறைச்சியும் அறவே கூடாது என்பது போன்ற கடுமைகளை எல்லோருக்கும் கட்டாயமாக்கச் சொல்லிச் சங்கத்துப் பிக்குவான தேவதத்தன் கேட்டபோது புத்தர் மறுத்தார். விரும்புகிறவர் செய்யலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இந்த மென்மைக்கும் ஒரு விலை உண்டு. பிக்கு தன் உணவைத் தேர்ந்தெடுப்பதில்லை. பாத்திரத்தில் விழுவதுதான் உணவு. இன்றைய தாய்லாந்தில் பாத்திரத்தில் விழுவது பெரும்பாலும் கொழுப்பும் இனிப்பும் மிகுந்த உணவு. பிற்பகலில் திட உணவு கூடாது, ஆனால் பானம் கூடும் என்பதால் சர்க்கரை கரைத்த பானங்கள் சேர்கின்றன. பிக்குகளிடையே உடல் பருமனும் நீரிழிவும் அந்த நாட்டின் சுகாதாரத் துறை கவலைப்படும் அளவுக்குப் பெருகிவிட்டன. விதி ஒன்றும் மீறப்படவில்லை. கொடுப்பவரின் சமையலறை மாறிவிட்டது.

எகிப்தின் நைத்ரியா, ஸ்கேத்தே பாலைவனங்களில் வாழ்ந்த துறவிகள் மூன்றாவது வகை. அவர்களுடைய அன்றாட அளவை, அவர்களோடு வாழ்ந்த துறவி யோவான் காசியான் பதிந்திருக்கிறார்: காய்ந்த சிறு ரொட்டி இரண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு ரோமானிய ராத்தல்கூடத் தேறாது, நம் கணக்கில் 300 கிராம் அளவு. பிற்பகல் மூன்று மணி வாக்கில் உண்பார்கள். ஒன்றை அப்போது உண்டு மற்றதை எடுத்து வைப்பதும் உண்டு. மாலையில் விருந்தாளி வந்தால் அவரோடு சேர்ந்து உண்ண. விருந்தாளி வந்தால் நோன்பை முறிப்பதே முறை. நோன்பு எப்போதும் என்னோடு இருப்பது, உங்களையோ நான் அனுப்பிவைத்தாக வேண்டும் என்று ஒரு முதியவர் காரணம் சொன்னாராம். திகம்பர முனிவர் ஒரு முடிக்காக உணவை நிறுத்துகிறார். இவர் ஒரு மனிதருக்காக நோன்பை நிறுத்துகிறார்.

இவர்களுக்கு உடல் ஒரு போர்க்களம். போர் உடலோடு அல்ல, மனத்துக்குள் வந்து பேசும் எண்ணங்களோடு. அந்தத் துறவிகளில் ஒருவரான எவாக்ரியுஸ் வகுத்த எட்டுத் தீய எண்ணங்களில் முதலாவது பெருந்தீனி. அதை அவர் விவரிக்கும் விதம் எதிர்பாராதது. சுவையான பண்டத்தைக் காட்டி அது மயக்குவதில்லை. உன் வயிறு கெடும், ஈரல் வீங்கும், நோயில் கிடப்பாய், இங்கே மருத்துவர் கிடையாது என்று அது பயமுறுத்துகிறது. உடல்நலக் கவலையே சோதனையின் வேடம் என்கிறார். இது கூர்மையான பார்வைதான், ஆனால் ஆபத்தானது. உண்மையான நோயின் குரலும் இதே சொற்களில்தான் பேசும். எவாக்ரியுஸே கடைசிக் காலத்தில் வயிறு கெட்டு, சமைத்த உணவுக்கு மாற வேண்டியிருந்தது.

இரண்டையும் பிரித்தறிய அவர்கள் நம்பியது மூத்தவரின் கணிப்பை. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து பார்த்தோம், தினமும் கொஞ்சம் உண்பதே மேல் என்று முன்னோர் கண்டார்கள் என்றார் அப்பா என்ற மரியாதைப் பெயரோடு அழைக்கப்பட்ட மூத்த துறவி பொய்மென். இந்த வழியை விட்டவரின் கதையாகக் காசியான் சொல்வது ஹீரோன் என்ற முதியவருடையது. 50 ஆண்டுகள் பாலைவனத்தில் கடும் நோன்பிருந்தவர். ஈஸ்டர் நாளில்கூட மற்றவர்களோடு அமர்ந்து உண்ண மாட்டார், நோன்பு தளர்ந்ததாக ஆகிவிடுமாம். மூத்தவர் சொல்லைக் கேளாமல் தன் தீர்ப்பையே நம்பினார். ஒரு நாள் தேவதூதன் வேடத்தில் வந்த குரலை நம்பி, தனக்கு ஒன்றும் ஆகாது என்று ஆழ்கிணற்றில் குதித்தார். மூன்றாம் நாள் இறந்தார். அவரைத் தற்கொலை செய்தவராகக் கருதாமல் இருக்க வைப்பதே பெரும்பாடாக இருந்தது.

சாந்திசாகரரையும் ஹீரோனையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கடுமையின் அளவில் அதிக வேறுபாடு இல்லை. சாந்திசாகரரின் நோன்புக்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்தை எவரும் சோதிக்கலாம். சுற்றிலும் சங்கம் இருந்தது. ஹீரோனுக்கு இருந்தது தன் காதில் விழுந்த குரல் மட்டும். ஆனால் பௌத்த சங்கத்தின் கண்ணில் இந்த வேறுபாடும் போதாது. நோயாளியிடம் சாவின் நன்மையை எடுத்துச் சொல்லி, அதனால் அவர் இறந்துவிட்டால், சொன்ன பிக்கு சங்கத்திலிருந்து நிரந்தரமாக நீங்கியவர். சல்லேகனை ஏற்றவரின் அருகில் அமர்ந்து உறுதி குலையாமல் காக்கும் சமண ஆச்சாரியர் செய்வது, பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதியான விநயத்தின்படி மிகப் பெரிய குற்றத்துக்கு வெகு அருகில் வருகிறது.

எந்த மரபு மேல் என்று கேட்டால், அன்றாடம் வாழ்வதற்கு எனக்குப் பாலைவனத் துறவிகளின் விதியே பிடிக்கிறது. விருந்தாளிக்காக வளையும் நோன்பை நான் மதிக்கிறேன். சாவைப் பொறுத்தவரை சமணமே நேர்மையாகப் பேசுகிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் எங்கே நிறுத்துவது என்பதை உடல் நலமாக இருக்கும்போதே அது சொல்லிவிடுகிறது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனை நோன்பைத் தற்கொலையாகக் கருதித் தண்டிக்கச் சொன்னது. அதே மாத இறுதியில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. பார்வை மங்கிய ஒரு முனிவரைப் பொறுத்தவரை எனக்கு ஐயம் இல்லை. விரதம் எதுவும் ஏற்காமல் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு மூதாட்டிக்கு, தாமே பேச முடியாத நிலையில், குடும்பத்தார் இதை ஏற்பாடு செய்வதை நான் ஏற்க மாட்டேன். வாழவும் சாகவும் விரும்பாத மனம் அவருக்கு இருக்கிறதா என்று அவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. அந்த ஐந்து குற்றங்களின் பட்டியலே அப்படிப்பட்ட ஏற்பாட்டை விலக்குகிறது.