தாமதமான பொதிக்கு எழுதும் மன்னிப்பு மின்னஞ்சல்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

மருதமுனையில் நெய்யப்படும் கைத்தறிப் புடவைகளையும் சாரங்களையும் கொழும்புக்கு அனுப்பும் எங்கள் சிறு வியாபாரத்தில், வடகீழ்ப் பருவமழைக் காலத்துத் தாமதங்களுக்காக ஒரே அமைப்பிலான மன்னிப்பு மின்னஞ்சலையே பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். மழைநாட்களில் சாயமிட்ட நூல் உலர்வதில்லை; நூல் உலராமல் பாவு ஓட்டவும் இயலாது. துணி நெய்து முடிந்த பின்னரும், மன்னம்பிட்டிப் பக்கம் வீதியில் வெள்ளம் ஏறினால் பொதி வழியிலேயே நின்றுவிடும்.

வெள்ளவத்தையைச் சேர்ந்த ஒருவர் டிசம்பர் 18ஆம் திகதித் திருமணத்திற்காகக் கேட்டிருந்த 10 புடவைகளை 8ஆம் திகதிக்குள் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தோம். 6ஆம் திகதி 6 புடவைகளே முடிந்திருந்ததால், அவர் விசாரிக்கும் வரை காத்திராமல் அன்றே இவ்வாறு எழுதினோம்:

“தங்களுடைய 10 புடவைகளும் உறுதியளித்த 8ஆம் திகதிக்குள் வந்து சேரா என்பதற்காக மன்னிப்புக் கோருகிறோம். முடிந்த 6 புடவைகளை நாளை கல்முனையில் கூரியரிடம் ஒப்படைக்கிறோம். மீதி 4 புடவைகளை 12ஆம் திகதி ஒப்படைப்போம். அவை 15ஆம் திகதிக்குள் தங்களிடம் சேரும். அன்று வீதி மூடப்பட்டிருந்தால் காலையிலேயே தங்களுக்கு அறிவிப்போம். தாங்கள் செலுத்திய அனுப்புக் கட்டணம் 900 ரூபாவை இன்றே தங்கள் வங்கிக் கணக்கிற்குத் திருப்பியுள்ளோம். இரண்டாவது பொதியின் செலவும் எங்களுடையதே. 4 புடவைகள் வேண்டாமெனில் 10ஆம் திகதிக்குள் தெரிவித்தால் அவற்றின் முழுப் பணத்தையும் திருப்பித் தருவோம்.”

இதில் அதிகம் பயன் தந்தது, ஒப்படைக்கும் நாளையும் சேரும் நாளையும் தனித்தனியே எழுதியதுதான். முதல் நாள் எங்கள் கையில் இருக்கிறது, இரண்டாவது நாள் வீதியின் கையில் இருக்கிறது. ஆகவே இரண்டாவது நாளைத் திருமணத்திற்கு மூன்று நாள் முன்னதாக வைத்தோம். “விரைவில் அனுப்புவோம்” என்று எழுதிய காலத்தில் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் “எப்போது?” என்ற கேள்வியே பதிலாக வந்தது.

நல்லெண்ண ஈட்டைப் பொறுத்தவரை, அடுத்த கொள்வனவில் கழிவு தருவதாகச் சொல்வதை நாங்கள் கைவிட்டுவிட்டோம். பொருளுக்காகக் காத்திருப்பவரை மேலும் பணம் செலவிடச் சொல்வதாகவே அது அமைகிறது. அவர் கேட்பதற்கு முன்பே திருப்பிய அனுப்புக் கட்டணம் சிறு தொகைதான் என்றாலும், நன்றி கூறிப் பதில் எழுதியவர்கள் பெரும்பாலும் அதையே குறிப்பிட்டார்கள்.

மழைக்கான விளக்கத்தை ஒரு வாக்கியத்துக்கு மேல் நீட்டக் கூடாது. நீண்டால் திகதி கண்ணில் படாது. அந்தத் திகதியை மின்னஞ்சலின் தலைப்பு வரியிலேயே கட்டளை எண்ணுடன் சேர்த்து எழுதுகிறோம்.

வெள்ளம் எப்போது வடியும் எனத் தெரியாத நாட்களில் இந்த அமைப்பு அப்படியே பொருந்தாது. அப்போது சேரும் நாளுக்குப் பதிலாக, அடுத்த தகவல் தரும் நாளையும் நேரத்தையும் மட்டும் எழுதி, புதிய செய்தி இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் எழுதிவிடுகிறோம்.