சொஃப்ட்மக்ஸ் கிரேடியன்ட்: சங்கிலி விதியா, மடக்கை வழியா?

திருகோணமலைச் சந்தையில் எடுத்த மீன் படங்களை அறுக்குளா, பாரை, சூரை என்று பிரிக்க, நூலகம் எதையும் நம்பாமல் ஒரு சிறு நிரல் எழுதினேன். கடைசி அடுக்கின் கிரேடியன்ட் `p - y`, அதாவது கணிப்பில் இருந்து இலக்கைக் கழித்தது, என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கையால் வருவிக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு மடக்கை வழியை வைத்துக்கொண்டேன்.

முதல் வழி சங்கிலி விதி. ஒரு படத்துக்குக் கடைசி அடுக்கு தந்த மதிப்பெண்கள் `z = (2, 1, 0)`, உண்மையில் அது பாரை. `z` ஐச் சொஃப்ட்மக்ஸில் போட்டால் கணிப்பு `p = (0.665, 0.245, 0.090)`. இழப்பு `L = -log p₂`. அதை `p₂` ஆல் வகையிட்டால் `-1/p₂`, அதாவது -4.086. `p₂` ஐ `z₂` ஆல் வகையிட்டால் `p₂(1-p₂)`, அதாவது 0.185. பெருக்கினால் -0.755. `z₁` க்கு `-p₁p₂` வரும், அதையும் -4.086 ஆல் பெருக்க 0.665. விடை சரிதான். ஆனால் கீழே இருந்த `p₂` மேலே வந்த `p₂` உடன் ஏன் வெட்டுப்பட்டது என்பது தெரியவில்லை.

மடக்கை வழியில் வகையிடும் முன்பே சுருக்கிவிடுகிறோம்:

```
L = -z₂ + log(e^z₁ + e^z₂ + e^z₃)
```

மடக்கை, அடுக்குக்குறியை அவிழ்த்துவிட்டது. முதல் உறுப்பை வகையிட்டால் பாரைக்கு மட்டும் -1, அதுதான் `-y`. இரண்டாவதை வகையிட்டால் `e^zᵢ` ஐக் கூட்டுத்தொகையால் வகுத்தது, அதாவது சொஃப்ட்மக்ஸேதான். `z₂` ஐ 1.01 ஆக்கிப் பார்த்தேன்: இழப்பு 1.4076 இலிருந்து 1.4001 ஆக இறங்கியது. 0.01 க்கு 0.0075 இறக்கம், -0.755 உடன் ஒத்துப்போகிறது.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று. படப்புள்ளிகளை 255 ஆல் வகுக்க மறந்த நாளில் `z = (120, 0, 0)` போன்ற எண்கள் வந்தன. மிகப் பெரிய `z` ஐ எல்லாவற்றிலிருந்தும் கழித்த பிறகும் `p₂` என்பது `e^-120`. Float32 இல் அது பூச்சியமாகிவிடும். சங்கிலி வழியில் `-1/0` முடிவிலி, அதைப் பூச்சியத்தால் பெருக்க `nan`. அடுத்த சுற்றிலேயே நிறைகள் எல்லாம் `nan`. தாளில் வெட்டுப்படுவது கணினியில் வெட்டுப்படாது. மடக்கை வழியிலோ `(1, -1, 0)` என்று சுத்தமாக வந்தது. நான் ஓட்டியது மூன்று வகுப்புகளில் மட்டும்தான், ஆனாலும் இந்தக் காரணம் வகுப்பு எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல.

ஒரு நிபந்தனை: `y` இன் கூட்டுத்தொகை 1 ஆக இருக்க வேண்டும். இரண்டு மீன் இருந்த படத்துக்கு `(1, 1, 0)` கொடுத்தபோது சரியான கிரேடியன்ட் `2p - y`. நான் `p - y` என்றே விட்டிருந்தேன். கிரேடியன்ட் உறுப்புகளின் கூட்டுத்தொகை 0 வராமல் -1 வந்ததைப் பார்த்துத்தான் பிழையைப் பிடித்தேன்.

சங்கிலி வழியைத் தூக்கி எறியவில்லை. இழப்பு வர்க்கப் பிழையாக இருந்தால் அவிழ்க்க மடக்கையே இல்லை. அப்போது இழப்பை `p` ஆல் வகையிட்டு வந்த `g` ஐ வைத்து `pᵢ(gᵢ - Σ gⱼpⱼ)` என்று முழுவதும் போட்டாக வேண்டும். அந்தப் `pᵢ` முன்னாலேயே நிற்கும். மாதிரி உறுதியாகத் தவறும் இடத்தில் கிரேடியன்ட் பூச்சியத்தை நெருங்கிவிடும்.