கண்டிஷனர் போட்ட துண்டு ஏன் ஈரத்தை எடுப்பதில்லை?

"துண்டு மெத்தென்றுதான் இருக்கிறது, ஆனால் துடைத்தால் ஈரம் போகவே மாட்டேன் என்கிறது. மெஷினில் ஏதாவது கோளாறா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மெஷினில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு துவையலுக்கும் ஊற்றுகிறாரே ஒரு மூடி ஃபேப்ரிக் கண்டிஷனர், வேலை அதனுடையது.

அதன்மேல் பழி போடுவதற்கு முன்னால் நல்லதையும் சொல்லிவிட வேண்டும். நேர்மின்னூட்டம் கொண்ட கொழுப்புச் சேர்மம்தான் அதில் சரக்கு. கடைசி அலசலில் அது இழைகளின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் வழுக்குவதால், வெயிலில் காய்ந்த காட்டன் சட்டையும் பெட்ஷீட்டும் விறைக்காது. இஸ்திரிப் பெட்டி தடையில்லாமல் ஓடும். பாலியஸ்டர் புடவை காலில் ஒட்டிக்கொள்வதும் குறையும். இதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

துண்டில் அதே பூச்சுதான் வினை. டர்க்கி டவலின் சுருள் இழை தண்ணீரை உறிஞ்சத்தான் இருக்கிறது; கொழுப்புப் படலம் அதைத் தடுக்கிறது. துவைக்கத் துவைக்க இன்னும் சேரும். சந்தேகமிருந்தால் நன்றாகக் காய்ந்த துண்டின்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று இறங்கினால் துண்டு நன்றாக இருக்கிறது. முத்தாக உருண்டு நின்றால் பூச்சு ஏறிவிட்டது.

அதை எடுக்க முடியும். வெள்ளை காட்டன் துண்டுகளை மட்டும் பாதி லோடாகப் போட்டு, வழக்கமான டிடர்ஜென்ட்டுடன் 60 டிகிரியில் ஓட்டுங்கள். போர் தண்ணீர் என்றால் இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடாவும் சேர்க்கலாம். பிறகு டிடர்ஜென்ட்டே இல்லாமல் இன்னொரு தடவை. கொடியில் போடுவதற்கு முன் நன்றாக உதறினால் சுருள்கள் எழுந்து நிற்கும், பாதி மென்மை அதிலேயே கிடைத்துவிடும். காய்ந்ததும் மறுபடி சொட்டு விட்டுப் பாருங்கள். இன்னும் உருண்டால் இன்னொரு சுற்று.

ஜிம் டிஷர்ட்டில் தொல்லை இன்னும் மோசம். வியர்வையைப் பரப்பி உலர்த்தும்படி செய்த துணியில் படலம் ஏறினால் வியர்வை உடம்போடு நிற்கும். உடம்பின் எண்ணெயும் அந்தப் படலத்தில் சிக்கிக்கொள்ளும். அலமாரியிலிருந்து எடுக்கும்போது மணக்கும் டிஷர்ட், பத்து நிமிடம் ஓடியதும் நாறுகிறதென்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வாசம் போதவில்லை என்று இன்னொரு மூடி ஊற்றுவார்கள். படலம் இன்னும் தடிக்கும், அவ்வளவுதான். இதற்கு 60 டிகிரி கூடாது, துணியை இழுபட வைக்கும் எலாஸ்டேன் இழை தளர்ந்துவிடும். உள்பக்கம் வெளியே திருப்பி, டிடர்ஜென்ட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள்.

டிடர்ஜென்ட்டோடு சேர்த்துக் கண்டிஷனரை ஊற்றுவது சுத்த வீண். எதிர்மின்னூட்டமுள்ள டிடர்ஜென்ட்டோடு அது சேர்ந்து, இரண்டும் தங்கள் வேலையைச் செய்யாது.

பெட்ஷீட்டுக்குக் கண்டிஷனரைவிட நல்லது இல்லை என்றே சொல்வேன். இருந்தாலும் துண்டையும் ஜிம் துணியையும் தனியே பிரித்துப் போட யார் வீட்டிலும் பொறுமை இல்லை. அதனால் இந்த பாட்டில் தீர்ந்தால் அடுத்தது வாங்குவதாக இல்லை.