தொழிலை முடிக்கும்போது வாடிக்கையாளருக்குக் கடிதம்: எல்லோருக்கும் ஒன்றா, ஆளுக்கு ஒன்றா?

சின்ன அட்டைப் பெட்டி யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முறுக்கு, மிட்டாய், பேக்கரி என்று நாற்பது வாடிக்கையாளர்கள். முதலாளி செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடித்துக்கொள்கிறார், ஜூலை 1-ஆம் தேதி கடிதம் போகிறது. அவருக்கு முன்னால் இரண்டு வழி. ஒரே கடிதத்தை அடித்து எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் போடலாம். அல்லது ஒவ்வொருவரின் கணக்கையும் பார்த்து, அவரவர் பாக்கி, அட்வான்ஸ், கடைசி ஆர்டர் எல்லாவற்றையும் எழுதித் தனித்தனியாக அனுப்பலாம்.

பொதுக் கடிதம் ஒரு மணி நேர வேலை. அதில் வழக்கமாக வரும் வரி இது:

"நிலுவைத் தொகை உள்ளவர்கள் விரைவில் செலுத்தி ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இந்த ஒரு வரியில்தான் பணம் போகிறது. எவ்வளவு, எந்த பில், எந்தத் தேதிக்குள் என்று எதுவும் இல்லை. படிப்பவர் "கடையை மூடப் போகிறார், இனி சரக்கும் வராது, அவசரம் என்ன" என்றுதான் நினைப்பார். அதுவரை அவரைப் பணம் கட்ட வைத்தது அடுத்த லோடு வர வேண்டும் என்ற கவலைதான். கடிதம் அந்தக் கவலையைத் தீர்த்துவிடுகிறது. அதன் இடத்தில் வேறு ஒரு பிடி வேண்டும்.

தனிக் கடிதத்தில் அதே பத்தி இப்படி வரும்:

"ஜூன் 30 வரை தங்கள் கணக்கில் எங்களுக்கு வர வேண்டியது ரூ.1,64,500. பில் 212 (பிப்ரவரி 10) ரூ.48,000, பில் 260 (ஏப்ரல் 18) ரூ.62,000, பில் 301 (ஜூன் 6) ரூ.54,500. தொகை சரியென்றால் கீழே கையெழுத்தும் முத்திரையும் இட்டு ஜூலை 15-க்குள் திருப்பி அனுப்பவும். வித்தியாசம் இருந்தால் தங்கள் லெட்ஜர் நகலோடு எழுதவும்."

வித்தியாசம் பெரும்பாலும் இருக்கும். இந்த வாடிக்கையாளரின் புத்தகத்தில் பாக்கி ரூ.1,52,300 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி ரூ.12,200. தேடினால் ரூ.8,200-க்கு நனைந்த பெட்டிகள் திரும்பி வந்திருக்கும், பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் போட்டிருக்க மாட்டார்கள். மீதி ரூ.4,000 வசூலுக்குப் போன பையனிடம் கொடுத்த ரொக்கம், ரசீது புத்தகத்தில் ஏறாதது. ஜூலையில் தெரிந்தால் இரண்டையும் அரை மணி நேரத்தில் சரிசெய்யலாம். பையனும் கணக்குப்பிள்ளையும் வேறு வேலைக்குப் போன பிறகு தெரிந்தால், ரூ.12,200 சண்டையைக் காரணம் காட்டி ரூ.1,52,300-ம் நிற்கும்.

கையெழுத்து கேட்பது மரியாதைக் குறைவு என்று சிலர் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். விற்ற சரக்குக்குப் பணம் கேட்டு வழக்குப் போடக் காலவரையறைச் சட்டம் தருவது பொதுவாக 3 ஆண்டு. அது முடிவதற்குள் கடன்பட்டவர் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடும். வாட்ஸ்அப்பின் நீல டிக் அவர் பார்த்தார் என்றுதான் சொல்லும், பாக்கியை ஒப்புக்கொண்டார் என்று சொல்லாது. அதனால் பெரிய பாக்கிக்காரர்களுக்கு மட்டுமாவது தாளில், ஸ்பீடு போஸ்ட்டில் போகட்டும்.

அடுத்த லோடு என்ற பிடி போன இடத்தில் வைக்க வேண்டிய பிடி, வாங்குபவரின் ஜிஎஸ்டி. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கட்டாவிட்டால், அந்த பில்லின் ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொண்ட இன்புட் கிரெடிட்டை அவர் வட்டியோடு திருப்ப வேண்டும். பில் 212-க்கு அந்த 180-ஆவது நாள் ஆகஸ்ட் 9. "பில் 212-ஐ ஆகஸ்ட் 9-க்குள் முடித்தால் தங்கள் கிரெடிட்டுக்குச் சிக்கல் வராது" என்று ஒரு வரி போதும். மிரட்டலாக எழுதாதீர்கள். அவருடைய ஆடிட்டரே மீதியைச் சொல்லிவிடுவார்.

சிலர் "ஜூலைக்குள் கட்டினால் 2% தள்ளுபடி" என்று எழுதுவார்கள். வேலை செய்யும், ஆனால் இலவசமல்ல. ரூ.1,52,300-க்கு 2% என்றால் ரூ.3,046, தன் கையிலிருந்து.

கடைசி ஆர்டர் தேதிக்கு வருவோம். பொதுக் கடிதத்தில் "செப்டம்பர் 30 வரை செயல்படுவோம்" என்று ஒரே தேதி நிற்கும். வாடிக்கையாளர் செப்டம்பர் 28-ஆம் தேதி ஆர்டரோடு வருவார். அன்றைக்கு ரீலும் இருக்காது, ஸ்டிச்சிங் ஆளும் இருக்க மாட்டார். தனிக் கடிதத்தில் நான்கு தேதி வேண்டும்: ஆர்டர் ஏற்பது ஜூலை 31 வரை, லோடு கிளம்புவது ஆகஸ்ட் 31 வரை, குறைபாடு, சரக்கு ரிட்டர்ன் சொல்வது செப்டம்பர் 15 வரை, கணக்கு முடிப்பது செப்டம்பர் 30. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஜிஎஸ்டி பதிவு உயிரோடு இருக்கும்போதுதான் கிரெடிட் நோட் போட்டு வரி ரிட்டர்னில் காட்ட முடியும்.

கடைசி ஆர்டருக்குக் கடன் கிடையாது, பழைய பாக்கி தீர்ந்த பிறகு முழு அட்வான்ஸில்தான் என்று வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. அளவுக்கும் ஒரு வரம்பு வையுங்கள், ஆளுக்கு வழக்கமான இரண்டு மாத எடுப்பு என்று. தீபாவளிக்கும் சேர்த்து ஆறு மாதச் சரக்கு கேட்பவர் வருவார். கொடுத்தால், ஐப்பசி மழையில் அவர் குடோனில் பெட்டி நமுத்து, அடுக்கிய இடத்திலேயே அமுங்கும். புகார் வரும்போது மாற்றிக் கொடுக்க யூனிட் இருக்காது.

அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்குக் கடிதத்தின் தொனியே வேறு. அங்கே நாம்தான் கடன்காரர். எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த வழியில் திருப்புகிறோம் என்பது முதல் பத்தியில் வர வேண்டும். அவர்கள் பணம் கொடுத்துச் செய்வித்த, லோகோ அச்சிடும் ஸ்டீரியோவும் பெட்டி வெட்டும் டையும் அவர்கள் சொத்து. எத்தனை இருக்கிறது என்று எண்ணி எழுதி, ஆகஸ்டுக்குள் எடுத்துப்போகச் சொல்லுங்கள். இல்லையென்றால் இடத்தைக் காலி செய்யும் நாளில் அவை பழைய இரும்போடு போய்விடும். பெட்டியில் தன் லோகோவைப் பதிக்க வாடிக்கையாளர் புது இடத்தில் மறுபடி செலவழிப்பார்.

பாக்கியும் இல்லை, அட்வான்ஸும் இல்லை என்றால் பொதுக் கடிதமே போதும், நான்கு தேதியோடு. நாற்பது பேரில் இப்படி இருபது பேராவது இருந்தால் தனிக் கடித வேலை பாதியாகிவிடும். மற்றவர்களுக்கும் பொதுப் பகுதி ஒன்றுதான், கணக்குப் பத்தி மட்டும் மாறும். இரண்டு நாள் உட்கார்ந்தால் முடியும்.

யாருக்குப் போனாலும் இரண்டு வரி கட்டாயம். ஒன்று, ஒரே ஆளிடம் ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது, எனவே வங்கி வழியாக மட்டும். இன்னொன்று, "எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறவில்லை, மாறியதாக வரும் செய்தியை நம்ப வேண்டாம்." மூடும் செய்தி பரவும் நேரம், அந்தப் பெயரில் வேறு கணக்கு எண்ணை அனுப்பி ஏமாற்றுபவர்களுக்கு வசதியான நேரம்.

தொழில் நின்ற 30 நாளுக்குள் ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்யக் கேட்கும் REG-16 விண்ணப்பம் போட வேண்டும், பதிவு ரத்தான பிறகு 3 மாதத்துக்குள் கடைசி ரிட்டர்னான GSTR-10. கரண்ட் அக்கவுண்டை மட்டும் அந்த அவசரத்தில் மூடாதீர்கள். தாமதமாகக் கட்டுபவரின் பணம் வந்து சேர இடம் வேண்டும். மார்ச் 31 வரை அந்தக் கணக்கு இருக்கும் என்பதையும் கடிதத்தின் கடைசி வரியில், கணக்கு பற்றிப் பேச வேண்டியவரின் கைப்பேசி எண்ணுக்கு மேலே, எழுதிவிடுங்கள்.