‘சோஷியல் பங்களித்த விற்பனை’ என்று பில் வந்தால் கவனம்

இணையத்தில் கடை வைத்து, விளம்பரத்தை ஏஜென்சியிடம் கொடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் சென்னிமலை போர்வை, ஜமுக்காளம் விற்கிறோம். ஏஜென்சியோடு பேசியது மாதச் சம்பளமும், ‘சோஷியல் பங்களித்த’, அதாவது இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவை துணைநின்ற விற்பனையில் 8 சதவீதமும். அந்த ‘பங்களித்த’ என்ற சொல்லுக்குள்தான் எல்லாமே ஒளிந்திருந்தது.

தீபாவளி மாதம் மொத்தம் 400 ஆர்டர். அதில் 312 சோஷியலால் வந்தவை என்று பில் போட்டார்கள். எங்கள் சராசரி ஆர்டர் 1,500 ரூபாய், கமிஷன் மட்டும் 37,440. எங்கள் கூகுள் தேடல் விளம்பரத்தைக் கவனித்துக்கொள்பவரோ அதே மாதத்தில் 200-க்கு மேல் தன் கணக்கு என்றார். கூட்டினால் நான் விற்றதைவிட அதிகம்.

அந்த 312-ஐப் பிரித்துக் கேட்டேன். வாங்குமுன் கடைசியாகத் தொட்டது சோஷியல் இணைப்பு, அதாவது கடைசி கிளிக், 64. வழியில் எங்கோ உதவியது 138. கிளிக் செய்யாமல் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வாங்கியது 110.

உதவி என்பது பொய்யான கணக்கு இல்லை. ரீல்ஸில் போர்வையைப் பார்த்தவர் நாலு நாள் கழித்துக் கடைப் பெயரை கூகுளில் தேடி வந்து வாங்குவார். கடைசி கிளிக்கை மட்டும் எண்ணினால் இன்ஸ்டாகிராமுக்கு ஒன்றும் கிடைக்காது, அது அநியாயம். ஆனால் உதவியை எண்ணும்போது, வழியில் வந்த ஒவ்வொரு சேனலுக்கும் அந்த ஆர்டர் முழுசாக எழுதப்படும். ஆகவே உதவிகளைக் கூட்டினால் மொத்த ஆர்டரையே தாண்டிப் போகலாம். இது பட்ஜெட் பிரிக்க உதவும் எண், பில் போடும் எண் அல்ல. பழைய கூகுள் அனலிட்டிக்ஸில் இதற்கென்றே ஒரு ரிப்போர்ட் இருந்தது. 2023-இல் அது போன பிறகு ஏஜென்சிகள் தாங்களே ஷீட் போட்டுத் தருகிறார்கள், எங்கள் திரையில் திறந்து சரிபார்க்க அதே எண் கிடைக்கவில்லை.

ஆர்டர் எண்ணோடு பட்டியல் வேண்டும் என்று விடாமல் கேட்டு வாங்கினேன். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றும் தனித்தனி வரி. ஒரே ஆர்டர் மூன்றிலும் இருந்தது, சிலது கடைசி கிளிக் பட்டியலிலும் இருந்தது. இரட்டிப்பை நீக்கியபோது 138 என்பது 91 ஆனது. அதில் 57 வெறும் வாட்ஸ்அப். அது என்ன வாட்ஸ்அப் என்று பார்த்தால், பழைய வாடிக்கையாளர்களுக்கு நாங்களே அனுப்பும் செய்தி! அந்த இணைப்புகளில் ஏஜென்சி சேர்த்துக் கொடுத்திருந்த வால் இது:

```
?utm_source=whatsapp&utm_medium=social
```

`utm_medium` இடத்தில் `social` என்று இருந்தால் அனலிட்டிக்ஸ் அதை சோஷியல் சேனலில்தான் போடும். தஞ்சாவூர் அம்மா ஒருவர் வருஷா வருஷம் எங்களிடம் வாங்குபவர். என் மனைவி அனுப்பிய செய்தியைத் தொட்டு வந்து வாங்கினார். அவர் ஆர்டருக்கும் கமிஷன்.

அப்புறம் அந்த 110. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா வழக்கமாக, விளம்பரத்தைக் கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கினாலும், கிளிக்கே செய்யாமல் விளம்பரம் திரையில் வந்து 1 நாளுக்குள் வாங்கினாலும், தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். கூடையில் பொருளைப் போட்டுவிட்டுப் போனவர்களுக்கே விளம்பரத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் இந்த எண் தானாக ஏறும். பணத்தின் பெரும்பகுதி அப்படித்தான் போயிருந்தது, ஏற்கெனவே வாங்கியவர்களை விலக்கவும் இல்லை. இந்த ஆர்டர்கள் எவை என்று மெட்டா காட்டாது, எண்ணிக்கை மட்டும்தான். அதனால் 64-லும் 138-லும் உள்ள அதே ஆர்டர்கள் இதிலும் இருக்கலாம். “சார், அது மெட்டாவே சொல்ற நம்பர்” என்றார் அவர்களின் மேனேஜர். மெட்டா சொல்வது சரிதான், அதை மற்ற எண்களோடு கூட்டச் சொன்னது யார்?

நீங்கள் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். விளம்பரக் கணக்கில் `Compare attribution settings` திறந்தால் கிளிக் தனி, பார்வை தனி என்று பிரியும். அனலிட்டிக்ஸ் `Explore`-இல் `Transaction ID`-யோடு `First user source / medium`, `Session source / medium` இரண்டையும் போட்டால், ஒவ்வொரு ஆர்டருக்கும் முதலில் எங்கிருந்து வந்தார், வாங்கிய அன்று எங்கிருந்து வந்தார் என்று தெரியும். நடுவில் நடந்தது அதில் வராது.

பார்வைக்கு உண்மையில் பலன் உண்டா என்பதை நிறுத்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கூடைக்காரர்களுக்கான விளம்பரத்தை கோவை, சேலம் பகுதிகளில் மூன்று வாரம் நிறுத்தினேன், மதுரை, திருச்சியில் ஓடவிட்டேன். இரண்டு பக்கமும் ஆர்டர் போக்கில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. எங்கள் அளவுக்கு ஆர்டர் குறைவு என்பதால் சின்ன வித்தியாசம் இதில் தெரியாது. ஆனால் 110 ஆர்டர் அந்த விளம்பரத்தால் வந்தது நிஜமென்றால் ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும்.

கமிஷன் ஒப்பந்தம் போட்டால், ஒரு ஆர்டர் ஒரு முறைதான் எண்ணப்படும், ஆர்டர் எண் இல்லாததற்குப் பணம் இல்லை, பழைய வாடிக்கையாளரும் நம் சொந்த வாட்ஸ்அப்பும் கணக்கில் வராது என்று எழுதி வாங்குங்கள். விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். எங்களுடையது அவர்கள் பெயரில் இருந்தது. பில்லை மறுத்த அன்றே எங்கள் அனுமதியை எடுத்துவிட்டார்கள், அதற்கு முந்தைய மாதங்களை இப்போது சரிபார்க்க வழியில்லை.