வீட்டுக் கடன் வட்டிக்கு வரிக் கழிவு: நான்கு வருடம் கணக்குப் பார்த்தவனின் அனுபவம்

போன கிழமை அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, வீட்டுக் கடன் எடுத்தா வட்டியை வரியில கழிக்கலாமாம். பத்து வீத வட்டி உண்மையில ஆறரைதானாம். வீடியோவில சொல்லினம்." தெஹிவளையில் ஒரு ஃப்ளாட் பார்த்து வைத்திருக்கிறார், முற்பணம் கட்டவில்லை. நல்ல வேளையாகக் கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

2021 ஏப்ரலில் வெள்ளவத்தையில் வீடு வாங்க ஒரு கோடி ரூபாய் கடன் எடுத்தேன். 20 வருடம், 10 வீதம், மாறும் வட்டி. மாதத் தவணை 96,500 ரூபாய் அளவில். அந்தக் காலத்தில் இலங்கையில் வீட்டுக் கடன் வட்டிக்கு வரி நிவாரணம் இருந்தது. மருத்துவச் செலவு, படிப்புச் செலவு போன்றவையும் அதே கூடைக்குள்தான். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 12 இலட்சம் வரை வருமானத்திலிருந்து கழிக்க முடிந்தது.

என் சம்பளம் அப்போது மாதம் ஐந்தரை இலட்சம், வருடத்துக்கு 66 இலட்சம். தனிநபர் நிவாரணம் 30 இலட்சம் போக 36 இலட்சத்துக்கு வரி. முதல் 30 இலட்சத்துக்கு 6 வீதம், மேலே உள்ள 6 இலட்சத்துக்கு 12 வீதம். மொத்தம் 252,000 ரூபாய்.

முதல் வருடம் நான் கட்டிய வட்டி கிட்டத்தட்ட 992,500. "நான் 12 வீதப் படியில் நிற்கிறேன், ஆகவே வட்டியில் 12 வீதம் மிச்சம், பத்து வீதக் கடன் எனக்கு 8.8 வீதம்" என்றுதான் நானும் நினைத்தேன். அது பிழை. கழிவு மேல் படியிலிருந்து கீழே இறங்கி வரும். என் மேல் படியில் இருந்ததே 6 இலட்சம்தான். அந்த 6 இலட்சத்துக்கு 72,000 மிச்சம். மீதி 392,500 கீழ்ப்படிக்கு இறங்கிவிடுகிறது, அங்கே 6 வீதம்தான், 23,550 ரூபாய். ஆக மொத்த மிச்சம் 95,550. வட்டியோடு ஒப்பிட்டால் 9.6 வீதம். பத்து வீதக் கடன் எனக்கு உண்மையில் 9.04 வீதத்துக்கு விழுந்தது.

குறை சொல்லவில்லை. கிட்டத்தட்ட ஒரு மாதத் தவணை திரும்பி வந்த மாதிரி. மூன்றரை இலட்சம் சம்பளம் எடுத்த என் மச்சானுக்கு அதே 10 வீதக் கடன் 9.4 வீதம். இரண்டரை இலட்சத்துக்குக் கீழே எடுத்தவருக்கு வரியே இல்லை, ஆகவே கழிக்கவும் ஒன்றும் இல்லை, அவருக்குப் பத்து வீதம் பத்து வீதமேதான். வட்டி எவ்வளவு குறையும் என்பது வங்கியின் கையில் இல்லை, அவரவர் சம்பளத்தின் மேல்பகுதிக்கு என்ன வரி விழுகிறது என்பதில்தான் இருக்கிறது.

வங்கி தந்த வட்டிச் சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் வந்த கடிதத்தில் "செலுத்திய தொகை 1,158,000" என்று ஒரே வரி. அது வட்டி இல்லை. பன்னிரண்டு தவணையின் கூட்டுத்தொகை, அதற்குள் 165,000 ரூபாய்க்கு மேல் கடன் முதல் இருக்கிறது. கழிக்கக்கூடியதாக இருந்தது வட்டி மட்டும். கடிதம் சரியா என்று பார்க்க ஒரு சின்ன வழி: ஒரு கோடிக்குப் பத்து வீதம் என்றால் முதல் மாத வட்டி 83,333. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 10 இலட்சம். கடன் முதல் கரையக் கரைய வட்டி குறையும், ஆகவே வீதம் ஏறாதவரை வருட வட்டி 10 இலட்சத்தைத் தாண்டவே முடியாது. தாண்டினால் கடிதம் பிழை. கிளைக்குப் போய்ச் சொன்னேன், இரண்டு நாளில் வட்டியைத் தனியாகப் பிரித்துத் தந்தார்கள். அதையே பார்க்காமல் அனுப்பியிருந்தால் நான் பொய்க் கணக்குக் கொடுத்தவன் ஆகியிருப்பேன்.

கழிவு மாதச் சம்பளத்தில் தெரியவில்லை. சம்பளத்தில் பிடித்த வரியில் தனிநபர் நிவாரணம் மட்டும்தான் பார்க்கப்பட்டது. வட்டிக்கு, மார்ச் 31இல் வருடம் முடிந்து, நவம்பர் 30க்குள் வருமான வரி விவரத்திரட்டுக் கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. ஏப்ரலில் கட்டிய வட்டிக்கான பலனைக் கேட்கவே கிட்டத்தட்ட ஒரு வருடமாவது பொறுக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பையும் சேர்த்தால் 9.04 என்பது இன்னும் கொஞ்சம் ஏறும்.

என்னை இன்றுவரை உறுத்துவது வேறு. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளி உயர்த்தியது. ஜூலையில் என் கடன் 18 வீதம் ஆனது. அந்த ஏப்ரலில் இருந்து டிசம்பர் வரை நான் கட்டிய வட்டி மட்டும் 11 இலட்சத்து 25 ஆயிரம் அளவில். ஒன்பது மாதத்துக்கு அனுமதித்த கழிவு 9 இலட்சம். உச்சவரம்பு முதல் முறையாகக் கழுத்தைப் பிடித்தது. 2023 ஜனவரி 1இல் நிவாரணமே எடுக்கப்பட்டுவிட்டது. அதே நாளில் தனிநபர் நிவாரணம் 12 இலட்சமாக இறங்கியது, மேல் படி 36 வீதமாக ஏறியது.

கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அந்த 12 இலட்சக் கழிவு 36 வீதப் படியில் நீடித்திருந்தால் எனக்கு வருடம் 432,000 மிஞ்சியிருக்கும், 18 வீதக் கடன் பதின்மூன்றரையாக இருந்திருக்கும். வரி லேசாக இருந்த காலத்தில் கழிவு இருந்தது. வரி கனத்த நாளிலேயே அது போனது. நாடு கடனில் மூழ்கிய நேரம், அரசுக்கு வருமானம் வேண்டியிருந்தது, அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த ஜனவரிச் சம்பளத் தாளையும் வங்கிக் குறுஞ்செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது மறக்கவில்லை. வரியும் ஏறியிருந்தது, வட்டியும் ஏறியிருந்தது, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வழி இல்லை.

தம்பி பார்த்த வீடியோ இந்தியச் சட்டம். தமிழில் தேடினால் அதுதான் முதலில் வரும். அங்கே பழைய வரி முறையைத் தெரிவு செய்தவர் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு 2 இலட்சம் இந்திய ரூபாய் வரை வட்டி கழிக்கலாம். கொழும்பில் சம்பளம் எடுப்பவருக்கு அது செல்லாது. இங்கே 2025 ஏப்ரலில் இருந்து தனிநபர் நிவாரணம் 18 இலட்சமாக உயர்ந்திருக்கிறது, ஆனால் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு திரும்பவில்லை. இன்று பத்து வீதம் என்றால் பத்து வீதம்தான்.

நிவாரணம் இருந்த காலத்தில் அது எனக்கு நன்மைதான் செய்தது, ஒரு ரூபாயும் ஏமாற்றவில்லை. இருந்தும் என்னைக் கேட்டால் பத்துக்கு மூன்று புள்ளிதான் கொடுப்பேன். இருபது வருடக் கடனை அதை நம்பி எடுத்தேன், அது இருபத்தொரு மாதம்தான் கூட இருந்தது.

தம்பியிடம் தவணையைக் கழிவு இல்லாமல் போடச் சொன்னேன். பத்து வீதத்துக்கு ஒருமுறை, பதினைந்துக்கு ஒருமுறை. ஒரு கோடிக்கு இருபது வருடம் என்றால், பதினைந்தில் தவணை 131,700 வருகிறது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் கதைத்துவிட்டு வாறேன் என்று போயிருக்கிறார்.