பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்: அந்த 90 நாள் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்

அப்பாவின் கண் ஆபரேஷனுக்குத் தேய்த்ததில் என் பழைய கிரெடிட் கார்டில் 80,000 ரூபாய் பாக்கி நின்றது. மாதம் 3.5 சதவீத வட்டி, அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மாதம் 3,304 ரூபாய் வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் மார்ச் 3-ஆம் தேதி வேறொரு வங்கியிலிருந்து போன் வந்தது. அவர்களுடைய கார்டும் என்னிடம் இருந்தது.

"சார், உங்க பாக்கி மொத்தத்தையும் எங்க கார்டுக்கு மாத்திக்கலாம். 90 நாளைக்கு வட்டியே கிடையாது. சின்னதா ஒரு பிராசஸிங் ஃபீ மட்டும்தான்."

ஜூன் மாதம் எனக்குச் சீட்டுப் பணம் வரவேண்டி இருந்தது. அதுவரை மாதம் பத்தாயிரம் கட்டிவிட்டு, சீட்டு எடுத்ததும் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

சின்ன ஃபீ என்றது 2 சதவீதம், அதாவது 1,600 ரூபாய். ஜிஎஸ்டி 288 சேர்ந்து 1,888. முதல் பில்லிலேயே பாக்கியோடு சேர்ந்து 81,888 என்று நின்றது. பழைய கார்டின் மூன்று மாத வட்டியோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். அதனால் ஃபீயில் எனக்குப் பெரிய குறை இல்லை. அடி விழுந்தது நாள் கணக்கில்.

90 நாள் என்றால் மூன்று பில் என்று நான் நினைத்தேன். பணம் பழைய வங்கிக்கு அனுப்பப்பட்ட மார்ச் 5-ஆம் தேதியிலிருந்தே அவர்கள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஜூன் 2-ஆம் தேதியோடு சலுகை முடிந்தது. என் மூன்றாவது பில்லுக்குக் கட்டவேண்டிய கடைசித் தேதியோ ஜூன் 9. தவணை தவறாமல் கட்டியும், நடுவில் ஒரு வாரம் முழுத் தொகைக்கும் வட்டி ஓடியிருக்கிறது. சலுகை முடியப்போகிறது என்று ஒரு எஸ்எம்எஸ் கூட வரவில்லை.

அதைவிட மோசம், அந்தக் கார்டில் வாங்கிய பொருட்கள். வழக்கம்போல 45 நாள் வட்டி இல்லாமல் கிடைக்கும் என்று நம்பி ஏப்ரலில் மளிகைக்கும் மருந்துக்கும் 9,000 ரூபாய் தேய்த்தேன். கார்டில் பழைய பாக்கி நிற்கும்வரை புது வாங்கலுக்கு அந்தச் சலுகை கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி. என் கார்டின் நிபந்தனைப்படி, கட்டும் பணம் முதலில் மாற்றிய கடனில்தான் கழியும், வாங்கியது அதற்கப்புறம்தான். ஆக, வட்டி இல்லாத கடன் குறைந்துகொண்டே வர, வட்டி ஓடும் 9,000 அப்படியே நின்றது. மாதம் சுமார் 370 ரூபாய். பில்லின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்த அன்றுதான் இது என் கண்ணில் பட்டது. போனில் பேசியவர் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூனில் சீட்டு தள்ளிப்போனது. கார்டில் சுமார் 62,000 நின்றது. சலுகை முடிந்ததும் அவ்வளவுக்கும் அதே 3.5 சதவீதம்தான். வட்டி 2,170, ஜிஎஸ்டி 391, மொத்தம் 2,561. பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' 3,228 என்று போட்டிருந்தது. அதை மட்டும் கட்டினால் அசலில் கழிவது 667 ரூபாய். இஎம்ஐ-ஆக மாற்றித் தரச் சொன்னேன். அதற்கு இன்னொரு பிராசஸிங் ஃபீ கேட்டார்கள்.

உங்களுக்கு இப்படி போன் வந்தால் சலுகை முடியும் தேதி, முடிந்தபின் வட்டி எவ்வளவு, ஜிஎஸ்டியோடு ஃபீ எவ்வளவு என்ற மூன்றையும் மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். முடியும் தேதிக்கு முன்னால் உங்கள் கையில் எத்தனை சம்பளம் வரும் என்று எண்ணி, பாக்கியை அதால் வகுத்துப் பாருங்கள். என் கணக்கில் மாதம் 27,300 கட்டியிருக்கவேண்டும். நான் கட்டியது பத்தாயிரம். கடன் தீரும்வரை அந்தக் கார்டை பர்ஸில் வைக்கவே வைக்காதீர்கள்.

வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். ஆனால் நிபந்தனைத் தாளில் எல்லாம் அச்சாகியிருந்ததால், போனில் சொன்னதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 10-ஆம் தேதி சீட்டுப் பணத்தில் முழு பில்லையும் கட்டினேன். முடிந்தது என்று நினைத்தால், 20-ஆம் தேதி 1,700-க்கு மேல் இன்னொரு பில் வந்தது. பில் போட்ட நாளிலிருந்து நான் கட்டிய நாள்வரைக்கான வட்டியாம். அதையும் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கிய பிறகுதான் கார்டை மூடினேன்.